தவணை நின்றுபோன தனிநபர் கடனை ஒரே தொகையில் குறைத்து முடிப்பது: பினாங்கு, கோலாலம்பூர் வாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வங்கிக்கு எழுதும் தள்ளுபடிக் கடிதங்களில் பெரும்பாலானவை கண்ணீரால் எழுதப்பட்டவை. வேலை போய்விட்டது, மனைவிக்கு உடம்பு சரியில்லை, பிள்ளைகள் படிக்கிறார்கள், தயவு செய்யுங்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பார்ப்பது வேறொன்று: இவர் இப்போது தரும் தொகை பெரியதா, நாம் வழக்குப் போட்டு, ஆண்டுக்கணக்கில் துரத்தி வசூலிக்கக்கூடிய தொகை பெரியதா? உங்கள் ஆதாரங்கள் இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். இரக்கம் ஃபைலைத் திறக்க வைக்கும். கையெழுத்துப் போட வைப்பது இந்தக் கணக்கு.

கீழே சொல்வது வங்கியில் வாங்கிய, பிணை ஏதும் வைக்காத தனிநபர் கடனுக்கு மட்டும். ஆலோங்கிடம் வாங்கிய கடனுக்கு இது உதவாது.

முதலில், இது உங்களுக்கான வழிதானா

நிலையான சம்பளம் வந்துகொண்டிருந்தால், வங்கி தள்ளுபடி தராது. தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டிக்கலாம் என்று சொல்லும். அப்படிப்பட்டவர்கள் ஏகேபிகே-யிடம் போவதே நல்லது. பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய அமைப்பு அது, கட்டணம் கிடையாது. அவர்களின் கடன் நிர்வாகத் திட்டத்தில் மாதத் தவணை உங்கள் கைக்கு ஏற்ப மாறும். ஆனால் அது கடனைக் கட்டி முடிக்கும் திட்டம், அசலைக் குறைக்கும் திட்டம் அல்ல. சொந்தக்காரரோ நண்பரோ தரும் ஒரு மொத்தத் தொகை கைக்கு எட்டும், ஆனால் மாத வருமானம் தவணைக்குப் பற்றாது என்பவருக்குத்தான் ஒரே தடவையில் முடிக்கும் வழி.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். கடன் வாங்கியபோது காப்புறுதியோ தக்காஃபுலோ சேர்த்துப் போட்டிருக்கிறார்களா? பலர் அந்தச் சந்தாவைக் கட்டியிருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள். நிரந்தர முடக்கம் ஏற்பட்டவருக்கு அந்தக் காப்பே கடனை அடைக்கக்கூடும். அப்படியிருந்தால் தள்ளுபடி கேட்டுக் கடிதம் எழுத வேண்டியதே இல்லை, கோரிக்கைப் பாரம்தான் நிரப்ப வேண்டும்.

ஆறு ஆண்டுக் கடிகாரம்

எழுதுவதற்கு முன் ஒரு தேதியைக் கண்டுபிடியுங்கள்: கடைசியாக எப்போது பணம் கட்டினீர்கள்?

மலேசியாவின் 1953-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டப்படி, ஒப்பந்தக் கடனுக்கு வழக்குத் தொடுக்க ஆறு ஆண்டுகள்தான் அவகாசம். ஆனால் கடனை ஒப்புக்கொண்டு நீங்கள் கையெழுத்திட்டு எழுதினாலோ, ஒரு சிறு தொகை கட்டினாலோ அந்த ஆறு ஆண்டுகள் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும். "அண்ணே, இந்த வாரத்துக்குள்ள ஒரு இருநூறு வெள்ளி மட்டும் போட்டு வைங்க, நான் மேல பேசி டிஸ்கவுண்ட் வாங்கித் தர்றேன்" என்று வசூல் ஏஜென்சிக்காரர் போனில் குழைவதன் பின்னால் இந்தச் சங்கதியும் இருக்கலாம். நீங்கள் கட்டும் இருநூறு வெள்ளி தள்ளுபடியைக் கொண்டுவராது. நிலுவையில் ஒரு துளி குறைத்துவிட்டு, கடிகாரத்தைத் திருப்பி வைக்கும்.

கடைசித் தவணை ஐந்து, ஆறு ஆண்டுகளுக்கு முன்னால் என்றால், ஒரு காசு கட்டுவதற்கும் ஒரு வரி எழுதுவதற்கும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருக்கின்றன. நீதிமன்றத் தீர்ப்பு ஏற்கெனவே வந்துவிட்டதென்றால் கணக்கே வேறு. தீர்ப்பை நிறைவேற்ற அவர்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் உண்டு.

புதிய கடன் என்றாலும், கடிதத்தின் தலைப்பில் "தன்பா பிரெஜுடிஸ்" என்று போடுவது வழக்கம். சமரசப் பேச்சுக்காகச் சொன்னதைப் பிறகு நீதிமன்றத்தில் நமக்கு எதிராகக் காட்ட முடியாது என்பது அதன் பொருள். அந்த இரண்டு சொற்கள் எல்லா நேரத்திலும் கவசமாகிவிடாது. கடிதத்தின் உள்ளே "நான் இவ்வளவு கடன்பட்டிருக்கிறேன், கட்டிவிடுவேன்" என்று உறுதிமொழி எழுதினால் தலைப்பு மட்டும் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். "உங்கள் அறிக்கையில் காட்டியுள்ள தொகையைத் தீர்ப்பதற்காக, பொறுப்பை ஏற்காமல் இந்தத் திட்டத்தை முன்வைக்கிறேன்" என்கிற மாதிரி எழுதுங்கள்.

எவ்வளவு பாக்கி என்பதை வங்கி எழுத்தில் சொல்லட்டும்

ஏஜென்சி போனில் சொல்லும் தொகையை வைத்துப் பேரம் பேச உட்காராதீர்கள். கடன் இப்போது யாரிடம் இருக்கிறது என்பதே முதல் கேள்வி: வங்கியிடமா, வங்கி வழக்கறிஞரிடமா, கடனை விலைக்கு வாங்கிய நிறுவனத்திடமா? பேங்க் நெகாரா வைத்திருக்கும் கடன் பதிவேடு சிசிஆர்ஐஎஸ். அதன் அறிக்கையை இசிசிஆர்ஐஎஸ் இணையத்தளத்தில் இலவசமாக எடுக்கலாம். வங்கியின் பெயரும் நிலுவை எத்தனை மாதம் என்பதும் அதில் இருக்கும்.

பிறகு வங்கிக் கிளையில் முழுத் தீர்வு அறிக்கை கேளுங்கள். அசல், வட்டி அல்லது லாபம், தாமதக் கட்டணம், சட்டச் செலவு எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். இங்கே வாங்கப்படும் தனிநபர் கடன்களில் கணிசமானவை இஸ்லாமியக் கடன்கள். அவற்றில் மொத்த லாபமும் தொடக்கத்திலேயே விற்பனை விலையில், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய முழுத் தொகையில், சேர்ந்துவிடுகிறது. ஆனால் முன்கூட்டித் தீர்த்தால் இன்னும் காலம் வராத லாபத்தை வங்கி கழித்தே ஆக வேண்டும். அந்தக் கழிவுக்கு இப்ரா என்று பெயர். தவணை தவறியவர் தீர்க்கும்போதும் இது பொருந்தும் என்று பேங்க் நெகாராவின் வழிகாட்டி சொல்கிறது. எனவே இப்ரா போக எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை. தள்ளுபடி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இதைக் கவனிக்காமல், உரிமையாக வர வேண்டிய கழிவையே பெரிய சலுகை என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு.

ஒரு கணக்கு

பட்டர்வொர்த்தில் இருக்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் மூர்த்தி என்று வைத்துக்கொள்ளலாம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன். ஏழு ஆண்டுத் தவணையில் 40,000 ரிங்கிட் இஸ்லாமியத் தனிநபர் கடன், ஆண்டுக்கு 6 விழுக்காடு லாபம். மொத்த விற்பனை விலை 56,800. மாதம் ஏறக்குறைய 676 ரிங்கிட். முப்பது மாதம் ஒழுங்காகக் கட்டினார். பிறகு தொழிற்சாலையில் ஆட்குறைப்பு, அதே ஆண்டில் மனைவிக்குப் புற்றுநோய், பினாங்கு மருத்துவமனையில் சிகிச்சை. பதினான்கு மாதமாகத் தவணை இல்லை.

வசூல்காரர் சொல்லும் தொகை சுமார் 36,500. அது மிச்சமுள்ள விற்பனை விலை முழுவதும். அசலில் மிச்சம் ஏறக்குறைய 29,000-தான். நின்றுபோன பதினான்கு மாதத்து லாபத்தையும் சிறிய தாமதத் தொகையையும் சேர்த்தால், இப்ரா போக 32,600 வாக்கில் நிற்கும். ஆக, பேச்சு 36,500-லிருந்து அல்ல, 32,600-லிருந்து தொடங்க வேண்டும்.

இப்போது மறுபக்கம். மூர்த்தி இ-ஹைலிங் ஓட்டுகிறார். எண்ணெயும் பராமரிப்பும் போக மாதம் 2,400 மிஞ்சுகிறது. வாடகை 800, சாப்பாடு 900, மின்சாரம், தண்ணீர், போன் 200, பிள்ளையின் பள்ளிச் செலவு 200, மருத்துவமனைப் போக்குவரத்தும் மருந்தும் 150. கையில் நிற்பது 150 ரிங்கிட். வங்கி அந்த 150-ஐயும் ஒரு மாதம் விடாமல் ஐந்து ஆண்டு வசூலித்தாலும் 9,000 தான் வரும்.

மூர்த்தியின் மச்சான் 11,000 தரத் தயார். மூர்த்தியின் இபிஎஃப் ஃபிளெக்ஸிபல் கணக்கில் 3,000 இருக்கிறது. அவர் வங்கிக்கு முன்வைப்பது 14,000. ஐந்து ஆண்டில் தடுமாறி வரும் 9,000-த்துக்கு எதிரே பதினான்கு நாளில் வரும் 14,000. இந்த ஒப்பீடுதான் அவருடைய கடிதத்தின் முதுகெலும்பு.

வழக்குப் போட்டால் வங்கிக்கு அதைவிட அதிகம் வராதா என்று கேட்கலாம். இந்தத் தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றம் போதும். தீர்ப்பும் கிடைக்கும். ஆனால் பறிமுதல் செய்யச் சொத்து வேண்டும், கணக்கில் பணம் வேண்டும். இபிஎஃப் கணக்கில் உள்ள சேமிப்பைக் கடன்காரர்கள் பற்றுகை செய்ய இபிஎஃப் சட்டம் இடம் தருவதில்லை. மச்சான் பணமோ மச்சானுடையது. திவாலாக்குவதென்றால் கடன் குறைந்தது ஒரு லட்சம் ரிங்கிட் இருக்க வேண்டும், மூர்த்தியின் கடன் அதற்கு வெகு கீழே. இதையெல்லாம் வங்கி அதிகாரி நன்றாக அறிவார். நீங்கள் கடிதத்தில் எழுதிக் காட்டத் தேவையில்லை. "என்னைத் திவாலாக்க முடியாது" என்று எழுதுவது சண்டைக்கு அழைப்பது போல் ஆகிவிடும்.

கஷ்டத்தை யார் சொல்கிறார்கள்

ஆதாரத்துக்குப் பலம் எங்கிருந்து வருகிறதென்றால், அது உங்கள் வாய்ச் சொல்லாக இல்லாமல் இன்னொருவரின் ஆவணமாக இருப்பதிலிருந்து. நீங்களே எழுதிய இரண்டு பக்கக் கண்ணீர்க் கதையைவிட இபிஎஃப் அறிக்கை ஒரு பக்கம் அதிகம் பேசும். எந்த மாதத்தில் முதலாளியின் சந்தா நின்றது என்று அது தேதியோடு காட்டும். கேடபிள்யூஎஸ்பி ஐ-அக்கவுன் கணக்கிலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அதில் ஃபிளெக்ஸிபல் கணக்கின் மிச்சமும் தெரியும். அதனால் அந்தப் பணத்தை நீங்களே திட்டத்தில் சேர்த்திருப்பது நல்லது. வைத்துக்கொண்டு இல்லை என்றால் அந்த ஒரு பக்கமே உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

இதனோடு நிறுவனத்தின் ஆட்குறைப்புக் கடிதம், பெர்கெசோ வேலையிழப்புக் காப்புறுதியின் முடிவுக் கடிதம் வேண்டும். அந்தக் காப்புறுதிக்கு வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்காதவர்களிடம் இந்தக் காகிதம் இருக்காது. அப்படியானால் வேலை தேடிய மின்னஞ்சல்களாவது இருக்கட்டும். நோய்க்கு மருத்துவமனை முத்திரையோடு கூடிய கடிதமும் வருகை அட்டையும் போதும், நோயின் ஒவ்வொரு விவரமும் தேவையில்லை. மற்றபடி, கடைசி ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கைகள், எல்லா வங்கிகளிலும். ஒன்றை மறைத்தால் பணப் பரிமாற்றங்கள் வழியாகத் தெரிந்துவிடும். அறிக்கையை அனுப்புவதற்கு முன் நீங்களே ஒரு முறை வாசியுங்கள். கெந்திங் பயணமோ புதிய கைப்பேசித் தவணையோ அதில் இருந்தால், அதிகாரி முதலில் வட்டம் போடுவது அந்த வரியைத்தான்.

செலவுப் பட்டியல் ஒரே பக்கத்தில் அடங்கட்டும். மேலே மூர்த்திக்குப் போட்டது போல வரவு, செலவு, மிச்சம். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு காகிதம் பின்னால் இருக்க வேண்டும்: வாடகைக்கு ஒப்பந்தம், மின்சாரத்துக்கு டிஎன்பி பில், வருமானத்துக்கு இ-ஹைலிங் செயலியின் மாதக் கணக்கு.

மச்சானிடமிருந்தும் ஒரு கடிதம் வாங்குங்கள். இந்தத் தொகையை இந்தக் கடனை முழுவதுமாகத் தீர்ப்பதற்கு மட்டுமே தருகிறேன், வங்கி ஒப்புக்கொண்டால் இன்ன தேதிக்குள் தருவேன் என்று இரண்டு வரி. இந்தக் காகிதம்தான் பேச்சுவார்த்தையில் மற்ற எல்லாவற்றையும்விட வேலை செய்யும். பணம் இருக்கிறது, ஆனால் தீர்வு இல்லாவிட்டால் அது வங்கிக்குக் கிடைக்காது என்று அது சொல்கிறது. மச்சான் எந்த உத்தரவாதப் பத்திரத்திலும் கையெழுத்திடக் கூடாது. பணம் தருபவர் வேறு, ஜாமீன்தாரர் வேறு.

பணம் எங்கே இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். கடன் தந்த அதே வங்கியில் உங்கள் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கில் போட்டு வைக்காதீர்கள். ஒப்பந்தத்தில் ஈடுகட்டும் உரிமை என்று ஒரு பிரிவு இருக்கும், வங்கி அந்தப் பணத்தை நிலுவைக்கு எடுத்துக்கொள்ளலாம். மச்சான் பணம் மச்சான் கணக்கிலேயே இருக்கட்டும். இபிஎஃப் பணத்தையும் ஒப்புதல் வந்த பிறகு எடுத்தால் போதும்.

கடிதம்

மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் போகவிடாதீர்கள். கடன் எண், அறிக்கையின் தேதியும் தொகையும், என்ன நடந்தது என்று மூன்று வரி, மாத மிச்சம், திட்டம். திட்டத்தின் சாரம் இப்படி இருக்கலாம்:

"மேற்கண்ட கணக்கை முழுமையாகவும் இறுதியாகவும் தீர்ப்பதற்கு ரிங்கிட் 14,000 ஒரே தொகையாகச் செலுத்த முன்வருகிறேன். இதில் ரிங்கிட் 11,000 என் உறவினர் இந்தத் தீர்வுக்காக மட்டும் தருவது, அவரது கடிதம் இணைக்கப்பட்டுள்ளது. உங்கள் எழுத்துபூர்வ ஒப்புதல் கிடைத்த 14 நாட்களுக்குள் தொகையைச் செலுத்துவேன். இந்தத் திட்டம் இன்ன தேதிவரை செல்லுபடியாகும்."

"இதற்கு மேல் ஒரு காசும் இல்லை" என்று எழுதாதீர்கள். வங்கி முதல் தொகைக்குத் தலையாட்டுவது அரிது. நீங்கள் பிறகு கொஞ்சம் ஏற்றும்போது, அந்த வாக்கியம் பொய்யாகிவிடும். ஒரு வாக்கியம் பொய்யானால் மருத்துவமனைக் கடிதத்தையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். உங்கள் உச்சவரம்பை மனத்தில் முடிவு செய்து, அதற்குக் கீழே தொடங்குங்கள், அவ்வளவுதான்.

கடிதத்தை வங்கியின் கடன் மீட்புப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். ஏஜென்சியிடம் கொடுத்தால் போதாது, தள்ளுபடிக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. கிளையில் நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான சாப் வாங்குங்கள். வழக்கறிஞர் நோட்டீஸ் வந்திருந்தால் அவர்களுக்கும் ஒரு பிரதி.

பேச்சு நடக்கிறதே என்று வழக்கு நின்றுவிடாது. ரிட் சம்மன் கையில் கிடைத்தால் 14 நாளுக்குள் ஆஜர்ப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். "பேங்க்ல பேசிக்கிட்டுதான் இருக்கோம்" என்று சும்மா இருந்தவர்களுக்கு எதிராகத் தரப்பு இல்லாமலேயே தீர்ப்பு வந்துவிடுகிறது. அதன்பின் தள்ளுபடி கேட்பது ஏற்றத்தில் வண்டி தள்ளுவது மாதிரி.

மூர்த்தியின் கணக்கில், வங்கி 21,000 என்று திருப்பிச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே நடுவில் ஒரு தொகைக்குத் தாவ வேண்டாம். எந்த அடிப்படையில் என்று கேளுங்கள். "வருமானம் ஏறும் வாய்ப்பு இருக்கிறது" என்பார்கள். அதற்குப் பதில் புதிய காகிதமாக இருக்க வேண்டும், உதாரணமாக மனைவியின் அடுத்த கட்டச் சிகிச்சை அட்டவணை. அதோடு மச்சான் இன்னும் 2,500 சேர்க்கிறார் என்ற திருத்திய கடிதம். 16,500-க்கு முடிந்தால், 32,600-இல் பாதிக்குச் சற்றே மேல். இது எல்லாருக்கும் கிடைக்கும் விகிதம் என்று நினைத்துவிடக் கூடாது. நிலுவை மூன்று மாதம் மட்டும் ஆன கடனுக்கு வங்கி இவ்வளவு இறங்காது. வங்கி தன் புத்தகத்தில் நஷ்டமாகவே எழுதிவிட்ட கடனுக்கு இதைவிடவும் இறங்கலாம்.

மறுத்துவிட்டால்? தள்ளுபடி தருவதும் மறுப்பதும் வங்கியின் வணிக முடிவு. அதை எதிர்த்து, வங்கிகள் மீதான வாடிக்கையாளர் புகார்களைத் தீர்க்கும் நிதிச் சந்தைகள் ஓம்புட்ஸ்மனிடம் போய்ப் பலனில்லை. ஆனால் கணக்கு தப்பாக இருந்தால், இப்ரா கழிக்கப்படாவிட்டால், வசூல்காரர் மிரட்டினாலோ உங்கள் முதலாளியிடம் கடன் விஷயத்தைச் சொன்னாலோ, அது புகார்தான். முதலில் வங்கியின் புகார்ப் பிரிவு, பிறகு பேங்க் நெகாராவின் பொதுமக்கள் சேவை மையமான பிஎன்எம்லிங்க். மறுக்கப்பட்ட திட்டத்தை மூன்று, நான்கு மாதம் கழித்துப் புதிய ஆதாரத்தோடு மறுபடி வைப்பதில் தவறில்லை.

ஒப்புதல் கடிதத்தில் பார்க்க வேண்டியவை

"ஓக்கே அண்ணே, மேலிடத்தில் ஒப்புக்கொண்டாங்க, இன்னிக்கே போட்டுடுங்க" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் ஒரு வெள்ளியும் போடாதீர்கள். வங்கியின் தாளில், கையெழுத்தோடு கடிதம் வர வேண்டும். அதில் முழுமையான, இறுதித் தீர்வு, மலாயில் பென்யெலெசாயான் பெனுஹ் டான் முக்தமாட், என்ற சொற்கள் இருக்க வேண்டும். "பகுதிச் செலுத்தம்" என்றோ "நிலுவைக்கு எதிராக" என்றோ இருந்தால் மீதிக் கடன் உயிரோடு இருக்கிறது என்று பொருள். சட்டச் செலவு அந்தத் தொகைக்குள் அடங்குமா, ஜாமீன்தாரர் இருந்தால் அவரும் விடுவிக்கப்படுகிறாரா, வழக்கு இருந்தால் யார் எப்போது திரும்பப் பெறுவார்கள் என்றும் பாருங்கள். கெடு தேதியை இரண்டு முறை பாருங்கள். ஒரு நாள் தவறினாலும் சலுகை ரத்தாகி முழுக் கடனும் திரும்பிவிடும் என்று அடியில் சிறு எழுத்தில் இருக்கும். மச்சான் கணக்கில் நாளொன்றுக்கு அனுப்பும் வரம்பு 5,000 என்றால், அந்தக் கணக்கையும் முன்கூட்டியே போட்டு வையுங்கள்.

பணம் உங்கள் கடன் கணக்குக்கே போக வேண்டும். ஏஜென்சியின் கணக்கிலோ, எந்தத் தனிநபரின் கணக்கிலோ போகக் கூடாது. கவுண்டரில் கட்டினால் ரசீதில் கடன் எண் சரியாக அடிபட்டிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

கட்டிய பிறகு

விடுவிப்புக் கடிதத்தை நீங்களே கேட்டு வாங்க வேண்டும், தானாக வருவதற்காகக் காத்திருந்தால் வராமலே போகலாம். வழக்கு இருந்திருந்தால் அதைத் திரும்பப் பெற்ற ஆவணத்தின் நகலும் சேர்த்து. இரண்டு மாதம் கழித்து இசிசிஆர்ஐஎஸ் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அதில் கடைசிப் பன்னிரண்டு மாதத் தவணைப் பதிவு தெரியும் என்பதால், பழைய தாமதங்கள் உடனே அழிந்துவிடாது. ஆனால் நிலுவைத் தொகை இன்னும் நின்றுகொண்டிருந்தால் அது பிழை. விடுவிப்புக் கடிதத்தின் நகலோடு வங்கிக்கே எழுதித் திருத்தச் சொல்லுங்கள், ஏனென்றால் அந்தத் தரவை அனுப்புவது வங்கிதான். சிடோஸ், கடன் விவரங்களைத் திரட்டித் தரும் தனியார் நிறுவனம். அதில் வழக்கு விவரம் இருந்தால் அவர்களிடம் தனியாக நகல் கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். "உங்க பெயரை ஒரே வாரத்தில் சிசிஆர்ஐஎஸ்-லேர்ந்து எடுத்துத் தர்றேன், 800 வெள்ளி" என்று இந்தக் கட்டத்தில் யாராவது வந்தால், காசைக் கொடுக்காதீர்கள். வெளியாட்கள் யாராலும் அந்தப் பதிவைத் தொட முடியாது.

தள்ளுபடி தந்த வங்கி அதைத் தன் பதிவில் வைத்துக்கொள்ளும், அதே வங்கியில் மறுபடி கடன் கேட்டால் அது குறுக்கே நிற்கலாம். விடுவிப்புக் கடிதத்தையும் ரசீதையும் ஒப்புதல் கடிதத்தையும் ஒரே உறையில் போட்டு, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். வேறொரு நிறுவனம் பிறகு அதே கடனைக் கேட்டு நோட்டீஸ் அனுப்பினால், பதிலாக அனுப்ப வேண்டியது அந்த மூன்றின் நகல்கள்தான்.